ஒன்பது அங்குலம்

தேவநேசன் பார்த்த வேலைக்கு ட்ரேசர் என்று பெயர். லைசென்ஸ் சர்வேயர் ஆறுமுகசாமி பென்சிலில் போட்டுக் கொடுக்கும் வீட்டுப் படத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, கறுப்பு மையில் பிரதி எடுக்க வேண்டும். பிறகு அதிலிருந்து நீலப் பிரதிகள் போடுவார்கள். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த அந்த ஆபீசில் அவன் ஆறு வருஷமாக இந்த வேலையைச் செய்துவந்தான். சுதந்திரம் வந்த வருஷம் சேர்ந்தவன். அவன் போட்ட கோடு நடுங்கியதில்லை என்று ஆறுமுகசாமியே வெளியாட்களிடம் சொல்லுவார்.

அன்று காலை மேஜையில் இருந்தது நஜர்பாத்தில் உள்ள ஒரு மாடி வீட்டின் பழைய பிளான். அவசரமாக இன்னொரு பிரதி வேண்டும் என்றார் ஆறுமுகசாமி. வீட்டுச் சொந்தக்காரர் வால்டர், ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேவநேசன் போகும் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருபவர், கமிட்டியில் இருப்பவர். அவர் யாதவகிரியில் வேறு வீட்டில் இருந்தார். நஜர்பாத் வீட்டின் கீழ்ப்பகுதி காலியாகக் கிடந்தது. மாடியில் மரியபுஷ்பம் என்ற டீச்சரும் அவள் தங்கை ரோசலினும் வாடகைக்கு இருந்தார்கள். ரோசலின் நர்ஸ்.

தேவநேசன் பழைய பிளானைப் பார்த்தான். எட்டு அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் போட்டது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால், படத்தில் ஒரு நூல் இருந்தால் தரையில் ஒரு அடி. சாதாரண ஸ்கேலை வைத்தே அளந்துவிடலாம். கீழ்வீட்டின் முன்னால் ஒரு ஹால், பின்னால் சாப்பாட்டு அறை. இரண்டும் பன்னிரண்டு அடிக்குப் பதினாறு அடி. நடுவே பதினாறு அடி நீளத்துக்கு ஒரு சுவர். அந்தச் சுவரில் ஒரு இடைவெளி. அதன் ஓரத்திலிருந்து ஒரு நேர்கோடும், அதன் நுனியிலிருந்து கால் வட்டமும் போட்டிருந்தது. அது கதவு. கால் வட்டம் சாப்பாட்டு அறைப் பக்கம் இருந்ததால், கதவு அந்தப் பக்கம் திறக்கும். முன்சுவரில் ஜன்னல் இருக்கும் இரண்டு இடங்களிலும் சுவரின் கறுப்பு நின்று, குறுக்கே மெல்லிய கோடுகள் மட்டும் ஓடின.

நடுச்சுவரின் மேல் வால்டர் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

"இந்தச் சுவர்ல பன்னெண்டு அடிக்குத் திறப்பு விடணும்," என்றார் ஆறுமுகசாமி. "மிச்சம் இருக்கற ரெண்டு துண்டையும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக் காட்டிடு. சின்ன மாற்றம்னு சொல்லி பர்மிஷன் கேட்டிருக்கோம்."

தேவநேசன் ஸ்கேலை அந்தச் சுவரின் குறுக்கே வைத்தான். ஒரு நூலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பதின்மூன்றரை அங்குலம். வெளிச்சுவர்களுக்கு உள்ள அதே கனம்.

"சார், இது தடுப்புச் சுவர் இல்லியே. ஒன்றரைச் செங்கல் சுவர். உத்திரக் கட்டையெல்லாம் இதுமேலதான் வந்து உக்காருது. அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க, ரெண்டு ரூம்லயும் பன்னெண்டு அடிப் பக்கமாத்தான் கட்டை ஓடுது."

ஆறுமுகசாமி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"எனக்குப் பாடம் நடத்தறியா? சொன்னதைப் போடு."

"அப்ப திறப்புக்கு மேல ஒரு இரும்பு பீமாவது காட்டணும் சார். புள்ளிக்கோடு ரெண்டு போட்டுடறேன்."

"பீம் கிடையாது."

"அடிக்கணக்கும் மாறுமே சார்?"

"அளவெல்லாம் இருக்கறபடியே எழுது. யாருப்பா கூட்டிப் பாக்கப்போறான்?"

தேவநேசன் கோடு போடும் ரூலிங் பேனாவைக் கையில் எடுத்தான். அந்த நேரத்தில் படியேறி வால்டரே வந்துவிட்டார். வெள்ளை கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தேவநேசன் வணக்கம் சொன்னதைக் கவனித்துத் தலையசைத்தார். பிறகு அவன் அங்கே இல்லாததுபோல் பேச ஆரம்பித்தார்.

"வாடகைச் சட்டம் இருக்கறவரைக்கும் அந்த ரெண்டு பொம்பளைங்களையும் அசைக்க முடியாது மிஸ்டர் ஆறுமுகசாமி. கேஸ் போட்டா நாலு வருஷம். கட்டடம் ஆபத்துன்னு எழுதிக் கொடுத்தா நாலு வாரம்."

"மேல தரையில நல்லா விரிசல் விடுமுங்க."

"அதுதான் வேணும். முழுசா விழ வேண்டாம். விழற மாதிரி இருந்தாப் போதும்." வால்டர் சிரித்தார். பல்லெல்லாம் சின்னச் சின்னதாக, சுத்தமாக இருந்தது. "அப்புறம் ஒரு பீம் போட்டு நிமித்திக்கலாம். கீழே எனக்கு நல்ல பெரிய ஹால். மேலே நல்ல வாடகை."

"இடிக்கற ஆளுங்க தலைல ஒண்ணு ரெண்டு செங்கல் விழலாம்."

"அவங்களுக்கு அது பழக்கம்தானே."

தேவநேசனுக்கு நாக்கில் ஏதோ ஊசிப்போனதைத் தின்றதுபோல் இருந்தது. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டில் மோலிக்கு இது ஆறாவது மாதம். இந்த ஆபீசை விட்டால் மைசூரில் ட்ரேசருக்கு வேறு எங்கே வேலை என்று யோசித்தான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை வேலையை முடித்துவிட்டது. பதின்மூன்றரை அங்குலச் சுவர் இருந்த இடத்தில், ஒரு நூலில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்கு இரண்டு மெல்லிய துண்டுகள். நடுவே வெறும் இடம். கதவின் கால் வட்டம் இல்லை. கோடு நடுங்கவில்லை. அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

வால்டர் வந்து குனிந்து பார்த்தார். அவருடைய தலை எண்ணெயின் வாசனை தேவநேசனின் முகத்தில் அடித்தது. "பியூட்டிஃபுல்," என்று அவன் தோளைத் தட்டினார். அந்தத் தோளைச் சாயங்காலம்வரை அவன் உதறிக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை காலை நீலப் பிரதியைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். பர்மிஷன் இன்னும் வரவில்லை. வால்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார்.

நஜர்பாத் வீட்டுக்குப் போனபோது கொத்தனார் கரியப்பன் நடுச்சுவரின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். கோபிநத்தத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். கதவையும் நிலையையும் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு முழ அளவுக்குப் பூச்சு உரிக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி நாச்சம்மாள் உதிர்ந்த காரையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். காகிதம் வந்துருச்சுங்களா? இதுக்குத்தானுங் கைய வெக்காம உக்காந்திருக்கறேன்."

கரியப்பனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பிளானை வாங்கியதும் நேராகத் திருப்பிப் பிடித்தார். வாசல் கதவின் கால் வட்டத்தைத் தேடி விரலை வைத்து, வாசலைப் பார்த்தார். பிறகு விரலை மெதுவாக நடத்திக்கொண்டு நடுச்சுவர் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்தார். அங்கே விரல் நின்றது.

"ஏனுங் சார், இதுல இத்தினியூண்டு கோடா இருக்குது?"

"நாலரை அங்குலத் தடுப்புன்னு போட்டிருக்கு."

"நாலரையா?" கரியப்பன் நிலையைக் கழற்றிய பொந்துக்குள் கையை விட்டார். விரல்களை விரித்து ஒரு சாண் வைத்து, அதற்குமேல் அரைச் சாணும் வைத்துக் காட்டினார். "நிலை இருந்த இடத்தைப் பாருங்க. இங்க பூச்சு உரிச்ச எடத்தையும் பாருங்க. நாலரைச் சுவருன்னா செங்கல்லு எல்லாம் நீட்டுவாக்குல மட்டுந்தான் தெரியோணும். இதுல வரிசைக்கு வரிசை தலைக்கல்லு குறுக்கால போயிருக்குது. ஒன்றரைக் கல்லுச் சுவருங் இது. பாரம் தாங்கற சுவரு."

தேவநேசன் குனிந்து அந்தத் தலைக்கல்லைப் பார்த்தான்.

"சரி, சொவத்த எடுக்கறமுன்னே வெச்சுக்கலாம். பன்னெண்டு அடி வாய் தொறக்கறோம். மேல இருக்கறதை எது புடிக்கும்? பீம் இருந்தா மேல புள்ளிக்கோடு இருக்கோணுமில்ல? எங்கீங்க புள்ளி?"

"இல்ல."

"போட மறந்துட்டீங்களா?"

கரியப்பன் உண்மையாகவே கேட்டார். மறந்திருக்கலாம் என்று அவர் நம்பினார். அந்தப் படத்தைப் போட்டவன் நேர்மையானவன் என்று நினைத்துக் கேட்கிற முகம் அது. தேவநேசனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாடியில் ஏதோ நகர்ந்தது. கட்டிலின் கால் தரையில் இழுபட்ட சத்தம்.

"மேல யாரு?" என்றான் தேவநேசன்.

"நர்ஸம்மா," என்றாள் நாச்சம்மாள். "ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறாங்க. கடப்பாரை போட்டா முழிச்சுக்குவாங்களேன்னுதான் நானு இவுங்ககிட்டச் சொல்லிட்டிருந்தனுங்."

அவள் நின்றிருந்த இடம் நடுச்சுவரில் கதவு இருந்த பொந்துக்கு நடுவே. தலையில் சும்மாட்டுத் துணி.

தேவநேசன் சொல்லிவிட்டான். எல்லாவற்றையும். வால்டர் சொன்னது, ஆறுமுகசாமி சொன்னது, தான் போட்டது. சொல்லும்போது தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை. அழுகிற மாதிரி இருந்தது, ஆனால் அழவில்லை.

கரியப்பன் நாச்சம்மாளைப் பார்த்தார். பிறகு பிளானை மடிக்காமல் அப்படியே தரையில் போட்டார்.

"எம் பொண்டாட்டி நிக்கறா பாருங்க," என்றார். "அவ தல மேல விழட்டும்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க. இது கையெழுத்து மாதிரிதானுங்."

"ஆமா."

"நாங்க இதத் தொடமாட்டோம். ஆனா எங்களுக்கு அப்புறம் இன்னொருத்தன் வருவான். அவன் பூச்சு உரிச்சுப் பாக்கமாட்டான். காகிதம் சொல்லுதுன்னு இடிப்பான்."

நாச்சம்மாள் கூடையைக் கவிழ்த்துக் காரையைக் கொட்டினாள். தேவநேசன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அன்று மதியம் ஆறுமுகசாமி சாப்பிடப் போன நேரத்தில் தேவநேசன் அலமாரியைத் திறந்து, அந்த வீட்டின் இரண்டு பழைய ட்ரேசிங்குகளையும் எடுத்தான். ஒன்று கீழ்த்தளம், மற்றது மாடி. அவற்றோடு புதிய பிளானின் நீலப் பிரதி ஒன்றையும் சட்டைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு நஜர்பாத் போனான்.

மரியபுஷ்பம் உயரமான பெண். முப்பத்தைந்து வயது. சர்ச்சில் பார்த்த பழக்கத்தில், "வாங்க பிரதர்," என்று அழைத்து நாற்காலி போட்டாள். ரோசலின் அப்போதுதான் எழுந்து தலைமுடியை வாரிக்கொண்டிருந்தாள். தேவநேசன் உட்காரவில்லை. மேற்குப் பக்க ஜன்னல் கண்ணாடியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. கீழ்த்தள ட்ரேசிங்கைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தான்.

"இதக் கொஞ்சம் பிடிங்க சிஸ்டர்."

அதன் மேல் மாடியின் ட்ரேசிங்கை வைத்தான். வெளிச்சுவர்களின் மூலைகளைச் சேர்த்து நகர்த்தினான். வெயில் இரண்டு துணிகளின் வழியாகவும் வந்தது. மாடிச் சுவர்கள் கொஞ்சம் மெல்லியவை, ஒன்பது அங்குலம். அவை கீழ்ச் சுவர்களுக்குள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. நடுவில் இருந்த மாடிச் சுவர், கீழ் நடுச்சுவரின் மேல் கச்சிதமாக நின்றது.

"இது இந்தச் சுவர்," என்று தேவநேசன் ரோசலினின் கட்டில் சாய்ந்திருந்த சுவரைக் காட்டினான். "இது, இதுக்குக் கீழே இருக்கற சுவர். அதத்தான் இடிக்கப் போறாங்க. இந்தச் சுவரும் இந்தத் தரையும் அதுமேலதான் நிக்குது."

மரியபுஷ்பம் அதிகம் கேட்கவில்லை. அவன் கொண்டுவந்திருந்த புதிய நீலப் பிரதியை வாங்கிப் பார்த்தாள். கணக்கு டீச்சர். ஒரு பழைய கவரின் பின்பக்கம் எதையோ எழுதிக் கூட்டினாள். மறுபடி கூட்டினாள்.

"வெளிச்சுவர் ஒரு அடி ஒன்றரை அங்குலம். ஹால் பன்னெண்டு அடி. நடுச்சுவர் நாலரை அங்குலம். சாப்பாட்டு ரூம் பன்னெண்டு அடி. மறுபடி வெளிச்சுவர் ஒரு அடி ஒன்றரை. மொத்தம் இருபத்தாறு அடி ஏழரை அங்குலம்தான் வருது. இங்க இருபத்தேழு அடி நாலரைன்னு எழுதியிருக்கு. ஒன்பது அங்குலம் எங்க போச்சு பிரதர்?"

"நான்தான் எடுத்தேன்."

"யாரு?"

"அந்தப் படம் நான் போட்டது. சுவரை மெலிசாக் காட்டினேன். அளவை மட்டும் மாத்தல."

மரியபுஷ்பம் கவரைக் கீழே வைத்தாள். ரோசலினின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"எப்ப போட்டீங்க?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வியாழன்." அவள் குரல் உயரவில்லை. "மூணு பகல் என் தங்கச்சி இங்கே தூங்கியிருக்கா. உங்களுக்குத் தெரியும். நேத்து ப்ரேயர் மீட்டிங்ல என் பக்கத்து பெஞ்ச்லதான் உக்காந்திருந்தீங்க."

"தெரியும்."

"அந்தக் கொத்தனார் கேக்கலேன்னா சொல்லியிருக்க மாட்டீங்க இல்லே?"

அவன் ட்ரேசிங்குகளைச் சுருட்ட ஆரம்பித்தான். அவள் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இந்தப் படங்களை என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு முனிசிபல் ஆபீசுக்கு வாங்க. நீங்க போட்டதுன்னு அங்க சொல்லணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

மறுநாள் அவன் போனான். அங்கே ஓவர்சியர் நஞ்சுண்டசாமி, விண்ணப்பக் கட்டுக்குள்ளிருந்து வால்டரின் பிளானை உருவி எடுத்தார். மரியபுஷ்பம் கூட்டல் போட்ட கவரை முன்னால் வைத்தாள். அவர் கவரைப் பார்க்கவில்லை. தானே ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன்ரீ இது? எழுதியிருக்கறது பன்னெண்டு அடி. அளந்தா முக்கால் நூல் ஜாஸ்தி வருது. யாருப்பா ட்ரேசர்?"

"நான்தான் சார்."

"தெரிஞ்சு பண்ணினதா? கை தவறினதா?"

"தெரிஞ்சு."

நஞ்சுண்டசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். தெருவில் மிதித்ததைப் பார்க்கிற பார்வை. "பர்மிஷன் இன்னும் கொடுத்தே இல்லை, அதுக்குள்ள வேலை ஷுருவா?" என்று ஒரு தடை நோட்டீஸ் எழுதினார். பியூனைக் கூப்பிட்டு சைக்கிளை எடுக்கச் சொல்லி, தானும் கிளம்பினார்.

அவர்கள் போனபோது கரியப்பன் சொன்னபடியே இன்னொரு மேஸ்திரி வந்திருந்தான். நான்கு ஆட்கள். நிலை இருந்த பொந்தை ஓரமாக இரண்டு அடிக்கு அகலப்படுத்திவிட்டார்கள். கதவுக்கு மேலே இருந்த கல் ஒரு பக்கம் பிடிப்பில்லாமல் அந்தரத்தில் இருந்தது. அதற்குமேல் தலைமயிர் அளவில் ஒரு விரிசல், உத்திரக் கட்டைவரை ஏறியிருந்தது. ஓவர்சியர் கத்திய கத்தலில் நான்கு பேரும் கடப்பாரையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். ரோசலின் மாடியிலிருந்து தலையணையோடு இறங்கி வந்தாள். தூக்கக் கலக்கத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்தாள்.

ஓவர்சியர் சவுக்குக் கம்பங்கள் வரவழைத்து முட்டுக் கொடுக்க வைத்தார். பிறகு கரியப்பனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவர் சுண்ணாம்புச் சாந்து போட்டு, பழைய செங்கல்லோடு பல்லுக்குப் பல் கோத்து, பொந்தை மறுபடி கதவளவுக்குக் கட்டினார். அந்த மூன்று நாளும் தேவநேசன் போய் நின்றான். செங்கல் எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டான்.

"வேண்டாமுங்," என்றார் கரியப்பன். "நாச்சம்மா இருக்கா."

ஆறுமுகசாமி அவனை வேலையைவிட்டு நீக்கினார். திருடன் என்றார். அலமாரியிலிருந்து எடுத்ததற்காக போலீசுக்குப் போவேன் என்றார். அந்த இரண்டு ட்ரேசிங்கும் இப்போது முனிசிபல் ஃபைலில் இருப்பதால் போகவில்லை. அவருடைய லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஏழாம் மாதம் அவர் அதே மாடியில், அதே வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார்.

வால்டருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வளவுதான். சர்வேயர் ஏமாற்றிவிட்டார், எனக்கு என்ன பிளான் படிக்கத் தெரியுமா என்று அவர் எழுதிக் கொடுத்தார். ரயில்வேயில் முப்பது வருஷம் பாலமும் குவார்ட்டர்ஸும் கட்டியவர்.

சுவரைக் கட்டி முடித்ததற்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நின்றிருந்தபோது வால்டர் நேராகத் தேவநேசனிடம் வந்தார். பக்கத்தில் போதகரும் கமிட்டிக்காரர்களும் இருந்தார்கள்.

"இந்தத் தம்பிதான் என் வீட்டைக் காப்பாத்தினது," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "அந்த ஆறுமுகசாமி என்னை நல்லா மோசம் பண்ணிட்டான். கர்த்தர் சரியான நேரத்துல இந்தப் பையன் மனசுல பேசினார்."

அவர் தேவநேசனின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கைகள் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தன. கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். வால்டர் முகத்தை நெருங்கிக்கொண்டு வந்து, தணிந்த குரலில், "வேலை இல்லையாமே? வந்து பாரு. உன் கைக்கு நான் வேலை தர்றேன்," என்றார்.

தேவநேசன் கையை வெடுக்கென்று இழுத்தான். வால்டர் ஒரு அடி தடுமாறினார்.

"விழற மாதிரி இருந்தாப் போதும்னு நீங்க சொன்னீங்க," என்றான். "நான் கேட்டேன். கேட்டுக்கிட்டே படம் போட்டேன். கர்த்தரை இதுல இழுக்காதீங்க."

போதகர், வெயில் அதிகம் என்பதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட் பக்கம் நடந்தார். வால்டர் சிரித்தபடியே, "பாவம், வேலை போனதுல மனசு சரியில்ல," என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள்.

மோலி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் பாதி தூரம் போன பிறகுதான் கேட்டாள்.

"நீங்க கேட்டுக்கிட்டே போட்டீங்கன்னு என்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சொல்லல."

"ஏன்?"

"நீ என்னை எப்படிப் பாப்பேன்னு தெரியும்."

அவள் அவனைப் பார்த்தாள். முழங்கையை விடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வீடுவரை ரோட்டையே பார்த்து நடந்தாள்.

இரண்டு மாதம் கழித்து மரியபுஷ்பமும் ரோசலினும் வீட்டைக் காலி செய்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது, சுவரும் உறுதியாக இருந்தது. ஓவர்சியர் எழுதியே கொடுத்திருந்தார். ஆனாலும் ரோசலினுக்குப் பகலில் அந்தக் கட்டிலில் தூக்கம் வரவில்லை. மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க அந்த மனிதனின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது, அது தன்னால் ஆகாது என்று மரியபுஷ்பம் பள்ளிக்கூடத்தில் யாரிடமோ சொன்னாளாம். வால்டர் தான் கேட்டதை ஒரு செங்கல்கூட விழாமல் பெற்றுக்கொண்டார். மாடிக்குக் குடித்தனம் வந்தது. கீழேயும் வந்தது.

அவர்கள் சாமான்களை ஏற்றிய மாட்டுவண்டி போகும்போது தேவநேசன் எதிரே சைக்கிளில் வந்தான். ஹெப்பாள் பக்கம் ஒரு மரக்கடையில் அளவு எழுதும் வேலை கிடைத்திருந்தது. அவன் இறங்கி நின்றான். ரோசலின் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். மரியபுஷ்பம் வண்டியின் பின்னால் கட்டிலின் கால் ஆடாமல் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டாள், கண்டுகொண்டதாகக் காட்டவில்லை. வண்டி திரும்பும்வரை அவன் அங்கேயே நின்றுவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனான்.